அண்ணி பெட்டி

கணக்கர் டேப்பை மறுபடியும் இழுத்தார். அதன் நுனியைப் பெட்டியின் மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள் அவள். இதே பெட்டியை நேற்றும் இப்படித்தான் அளந்தார்கள்.

"நீளம் அறுபது, அகலம் அம்பது, உயரம் நாப்பது," என்றார் கணக்கர். "நேத்தும் இதான். இன்னிக்கும் இதான். ராத்திரியோட ராத்திரியா வளருதா என்ன?"

"அட்டை சார். செடியில்ல," என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. கூரியர் கம்பெனியிலிருந்து வந்த பில்லில், இதேபோல் முன்பு அனுப்பிய பெட்டியின் உயரம் நாற்பத்தைந்து என்று இருந்தது. ஒரு பெட்டிக்கு மட்டுமில்லை, போன எல்லாப் பெட்டிகளுக்கும் அப்படித்தான்.

அது விளக்குகளுக்கு மேலே கவிழ்க்கும் துணிக்கூடுகள் செய்கிற பட்டறை. லாம்ப் ஷேடு என்றால் எல்லோருக்கும் புரியும். பின்கட்டில் கம்பிச் சட்டம் பற்றவைப்பார்கள், நடுக்கூடத்தில் பெண்கள் துணி இழுத்து ஒட்டுவார்கள், வாசல் பக்கத்து அறையில் அவளும் இன்னும் இரண்டு பேரும் பெட்டியில் அடுக்குவார்கள். அங்கிருந்து வெளிநாட்டுக் கடைகளுக்கு விமானத்தில் போகும். ஒரு பெட்டியின் எடை பன்னிரண்டு கிலோ. ஆனால் கூரியர்காரன் பன்னிரண்டு கிலோவுக்குக் காசு வாங்குவதில்லை. நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஐயாயிரத்தால் வகுப்பான். வருவதும் ஒரு எடை. தராசு சொல்லும் எடை, இந்தக் கணக்கு சொல்லும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். கூடு என்றால் உள்ளே காற்றுதானே. பன்னிரண்டு கிலோ பெட்டி இருபத்து நான்கு கிலோவாகத்தான் பறக்கும். இது எல்லோருக்கும் தெரிந்தது, முதலாளியும் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார். இப்போது நாற்பது நாற்பத்தைந்தாகி, இருபத்து நான்கு இருபத்தேழாகிவிட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

முதலாளி உள்ளே வந்தார். பெட்டியை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை.

"ஏம்மா, நான் வாங்கிக் குடுக்குற பெட்டியிலதான் போகுதா? இல்ல வழியில வேற பெட்டி மாறுதா?"

"வழியில மாத்தி எனக்கு என்ன சார் கிடைக்கப்போகுது? அட்டையை வேகவச்சுச் சாப்பிட முடியுமா?"

"கேட்டேன், அவ்வளவுதான்."

கேட்ட விதம் அவளுக்கு நெஞ்சில் நின்றது. பேக்கிங் பொறுப்பு அவளுடையது. பெட்டியில் குறை என்றால் அவளிடம்தான் வரும். மதியம் வரை தெர்மாகோல் வட்டங்களை எண்ணிக் கூடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விஷயத்தை யாருமே யோசிக்கவில்லை. அவளும்தான். கணக்கர் அளந்த பெட்டிகள் எல்லாம் மேசைமேல் இருந்தவை. வேனில் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் அவள் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் பட்டி கட்டி, கைப்பிடி வைப்பாள்.

அந்தக் கைப்பிடி அவளுடைய கண்டுபிடிப்பு. பெட்டியைச் சுற்றிப் பட்டி போடுவது பழைய வழக்கம். வெறும் பட்டியில் விரல் நுழையாது, நுழைத்தால் அறுக்கும். பட்டறைப் பின்புறம் கிழிந்துபோய்க் கிடந்த தண்ணீர் ஹோஸ் குழாயைச் சாண் சாணாக நறுக்கி, பட்டியை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டினாள். பெட்டியின் தலையில் குழாய் வளைந்து தூக்குவாளிப் பிடிபோல நின்றது. கையை விட்டால் மெத்தென்று இருக்கும். முதல் நாள் முதலாளி அதைப் பார்த்தார். செலவில்லாத வேலை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

யாருக்காக அதைச் செய்தாள் என்பது பட்டறையில் யாருக்கும் தெரியாது.

அவள் புருஷன் அதே கூரியர் கம்பெனியின் கிடங்கில் லோடுமேன். இடுப்புக்கு மேலே முதுகெலும்பு வட்டு ஒன்று விலகிவிட்டது. குனிந்து தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்ல அவர் படித்திருக்கிறார், சரிதான். ஆனால் குனிந்து தூக்காத லோடுமேனை யார் வைத்துக்கொள்வார்கள்? அந்தக் கிடங்கில் முதுகு போனவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அவனுக்கு முன்னால் இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை. கூட வேலை செய்பவர்களுக்கு மட்டும் தெரியும். எப்போதும் நிமிர்ந்தே நிற்பதால் அவனுக்குக் கம்பி என்று பேர் வைத்திருந்தார்கள். அவர்களாகவே ஒரு ஏற்பாடும் செய்தார்கள். சாயங்காலம் லாம்ப் ஷேடு வேன் வந்தால் அது கம்பிக்கு. குனியாமல், கைப்பிடியைப் பிடித்து, முழங்காலை லேசாக மடித்துத் தூக்கிவிடலாம். அந்த வேன் முடிந்தால் ஷிப்ட் முடியும்வரை அவன் லேபிள் ஒட்டுவான். மாவு மூட்டை மாதிரி வரும் மற்ற லோடுகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"டேய் கம்பி, அண்ணி பெட்டி வந்துடுச்சு," என்று வேன் திரும்பும்போதே கத்துவார்கள். பெட்டியைக் கட்டுவது அவன் மனைவி என்று அவர்களுக்குத் தெரியும்; அந்தப் பேர் அப்படியே நிலைத்துவிட்டது.

கூரியர் ஏஜெண்ட் அன்று பிற்பகல் பட்டறைக்கு வந்தான். தோள் பையும் வியர்வையுமாக நின்றவனை முதலாளி உட்காரச் சொல்லவில்லை.

"என்னப்பா, உங்க மெஷினுக்குக் கண்ணு சரியில்லையா?"

"மெஷின் பொய் சொல்லாது சார். ஒரு தடவை வந்து நேர்ல பாத்துடுங்க. இன்னிக்கு லோடு போகுதுல்ல? உங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க. உங்க முன்னாடியே அளந்து காட்டறேன்."

"இந்தம்மாவும் வரட்டும்," என்றார் முதலாளி. "கட்டுறவங்க கண்ணால பாக்கட்டும்."

அவள் புருஷனுக்குச் சேதி சொல்லலாம் என்று போனை எடுத்தாள். ஷிப்டில் அவன் போன் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

முப்பது பெட்டிகளோடு வேன் முன்னால் போக, முதலாளியின் காரில் கணக்கரும் ஏஜெண்டும் அவளும் போனார்கள்.

கிடங்கு என்றால் கூரை போட்ட மைதானம். ஒரு பக்கம் லாரிகள் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. நடுவே கறுப்பு பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. டீசலும் அட்டைத் தூசும் சேர்ந்த வாடை. அவன் தினமும் சட்டையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவரும் வாடைதான் அது. தோய்த்துத் தோய்த்து அவளுக்குப் பழகியிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்பதை இப்போதுதான் பார்த்தாள்.

அவன் வேனுக்குப் பக்கத்தில் நின்றான். அவளைப் பார்த்ததும் கண் ஒரு கணம் விரிந்தது. பிறகு யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டான். அவளும் பெல்ட்டைப் பார்த்தாள். அவனோடு வேலை செய்யும், மொட்டை என்று அழைக்கப்பட்டவன்தான் மாட்டிக்கொண்டான். அவர்கள் வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டவன்.

"அண்ணி..." என்று வாயை விட்டுவிட்டு, கிடங்கு சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்ததும், "அன்னிக்கு வந்த அதே லோடுதான் சார் இது," என்று முடித்தான்.

"தெரியுதுடா. போய் உன் வண்டியைப் பாரு," என்றார் சூப்பர்வைசர்.

பெட்டிகள் தரையில் இறங்கியிருந்தன. கம்பி ஒரு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். முதுகு நேராக, முழங்கால் மட்டும் மடிந்து நிமிர்ந்தது. பெட்டி பெல்ட்டில் ஏறியது. எத்தனை சுலபமாகப் போகிறது என்று அவளுக்குச் சின்னப் பெருமை வந்தது. அதன் ஆயுள் அந்தப் பெட்டி பத்தடி நகரும் வரைதான்.

பெல்ட்டின் நடுவே வாசல் நிலை மாதிரி ஒரு சட்டம். அதன் மூன்று பக்கத்திலிருந்தும் சிவப்புக் கோடுகள் விழுந்தன. பெட்டி உள்ளே நுழைந்து வெளியே வந்தது. பக்கத்துத் திரையில் எண்கள். அறுபது. ஐம்பது. நாற்பத்தைந்து.

"பாத்தீங்களா சார்?" என்றான் ஏஜெண்ட்.

கணக்கர் டேப்போடு பாய்ந்தார். பெட்டியின் பக்கத்தில் வைத்தார். நாற்பது. மறுபடி திரையைப் பார்த்தார். அப்புறம் பெட்டியின் தலையைப் பார்த்தார். டேப்பை மெதுவாகக் குழாயின் உச்சிவரை நீட்டினார். யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"இதுதான் அஞ்சு சென்டிமீட்டர்," என்றார் கணக்கர்.

"பெட்டியில எது எங்க நீட்டிக்கிட்டிருந்தாலும் மெஷினுக்கு அதுதான் எல்லை சார்," என்றான் ஏஜெண்ட். "பட்டி தொங்கினாலும் எடுத்துக்கும், அட்டை உப்பியிருந்தாலும் எடுத்துக்கும்."

"இது வெறும் குழாய்டா! மேல இன்னொரு பெட்டி வச்சா அமுங்கிடும்ல?"

"அமுங்கும் சார். ஆனா அளக்கறப்ப அமுங்கலயே."

முதலாளி உள்ளங்கையால் குழாயை அழுத்தினார். படுத்தது. கையை எடுத்ததும் எழுந்தது. ஏஜெண்டிடம் ஒட்டு டேப் வாங்கிக் குழாயை இறுக்கி ஒட்டிப் பெட்டியை மறுபடி அந்தச் சட்டத்துக்குள் அனுப்பச் சொன்னார். திரை நாற்பத்திரண்டு என்றது.

"இருவத்தஞ்சு புள்ளி ரெண்டுன்னு வருது," என்றார் கணக்கர் போனில் பெருக்கிப் பார்த்து. "இருவத்தஞ்சரைன்னு போடுவாங்க. அரைக் கிலோவுக்குக் கீழ எது வந்தாலும் மேல ஏத்திடுவாங்க. இப்பவும் ஒன்றரைக் கிலோ தண்டம்தான்."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"யாரும்மா இதை மாட்டச் சொன்னது?"

"நான்தான் சார் மாட்டினேன்."

"எதுக்கு?"

"தூக்குறவங்களுக்கு..." என்று இழுத்தாள். சூப்பர்வைசர் சிரித்தார். "தூக்குறதுக்குத்தாம்மா இவங்களுக்குச் சம்பளம். நீ எதுக்கு உருகுறே?"

"ஒரு பெட்டிக்கு மூணு கிலோ. முப்பது பெட்டிக்குத் தொண்ணூறு கிலோ," என்றார் முதலாளி. "ஒவ்வொரு லோடுக்கும் தொண்ணூறு கிலோ தண்ணிக்குழாயை ஏரோப்ளேன்ல ஏத்தி ஊர் சுத்திக் காட்டியிருக்கேன்." பிறகு கணக்கரின் சட்டைப் பையிலிருந்து கட்டர் கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினார். "அறுத்துடு. எல்லாத்தையும். இங்கேயே."

அவள் அறுத்தாள். பட்டி ஒவ்வொன்றும் டப்பென்று தெறித்தது. குழாய்த் துண்டுகள் தரையில் உருண்டன. கட்டும்போது ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத்தான் கட்டியிருந்தாள். இப்போது அறுத்த பெட்டிகள் மொழுமொழுவென்று, பிடிக்க ஒன்றுமில்லாமல் நின்றன.

அவன் முதல் பெட்டிக்குக் குனிந்தான். அடியில் விரல் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்தான். அடுத்ததையும் எடுத்தான். அவள் அறுத்துக்கொண்டே அவன் செருப்புகளைப் பார்த்தாள். குதிகால் தரையை விட்டு எழும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. திரை ஒவ்வொரு தடவையும் நாற்பது, நாற்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கம்பி, நீ லேபிளைப் பாரு. நான் ரெண்டு தூக்கறேன்," என்று மொட்டை வந்தான்.

"உன் லாரி அப்படியே நிக்குது. இது அவன் வண்டி," என்றார் சூப்பர்வைசர்.

மொட்டை போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தலையைத் தடவினான்.

இன்னும் சில பெட்டிகள். அப்புறம் அவன் ஒரு பெட்டியைத் தூக்கப் போய், தூக்காமல், அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தில் எண்ணெய் பூசியதுபோல் வியர்வை.

"என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். மத்தியானம் சரியா சாப்பிடல."

சூப்பர்வைசர் அவனை உற்றுப் பார்த்தார். லோடுமேன்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அது அவன் முகத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குவதை அவள் பார்த்தாள்.

"சார்!" என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "சார், பெட்டி உயரத்தைக் குறைக்கலாம் சார்!"

எல்லோரும் திரும்பினார்கள். சூப்பர்வைசரும்.

"என்ன சொல்றே?" என்றார் முதலாளி.

அவள் அவன் உட்கார்ந்திருந்த பெட்டியைக் கேட்கவில்லை. வேறொரு பெட்டியை இழுத்து ஒட்டு டேப்பைக் கிழித்துத் திறந்தாள். மேலே கசக்கிய காகிதம். அள்ளி அள்ளி வெளியே போட்டாள். காகிதம் போனதும், கூடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக, அகன்ற வாய் கீழே, குறுகிய வாய் மேலே, விளிம்புக்கு நாலு விரல் தாழ்ந்து நின்றன.

"இந்தப் பெட்டி பழைய உயர மாடலுக்கு வாங்கினது சார். அந்த மாடலை நிறுத்தியாச்சு. பெட்டி நிறைய மிஞ்சிடுச்சுன்னு அதுலயே போட்டு மேல காகிதம் அடைக்கறோம். நாலு மூலையையும் அஞ்சு சென்டிமீட்டர் கீறி மடக்கிட்டா முப்பத்தஞ்சுல நிக்கும். கொஞ்சம் காகிதமும் வைக்கலாம்."

பேசிக்கொண்டே இருந்தாள். பேசும்வரை யாரும் தூக்க வேண்டியதில்லை. கத்தியால் மூலைகளைக் கீறினாள், பக்கத்தில் கிடந்த பலகை ஓரத்தில் வைத்து மடித்தாள், மூடினாள். கோடு கொஞ்சம் கோணல்தான். கணக்கர் டேப் வைத்தார்.

"முப்பத்தஞ்சு."

"இப்ப இதுமேல அந்தக் குழாய் இருந்தாலும் நாப்பதுதான் சார்," என்றாள் அவள். "இருவத்து நாலு கிலோ. நீங்க எப்பவும் குடுக்குற கணக்குதான். ஒரு ரூபாய்கூட அதிகமாகாது."

இதைச் சொல்லத்தான் அத்தனையும் சொன்னாள். முதலாளி அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. அவர் கணக்கரின் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய் இல்லாம?"

"இருவத்தொண்ணு," என்றார் கணக்கர்.

"இருவத்தொண்ணு!" முதலாளியின் முகம் மலர்ந்தது. "இத்தனை நாளா இதை ஏம்மா சொல்லல நீ?"

"கேக்கலையே சார்."

"இனிமே எல்லாப் பெட்டியும் இப்படித்தான்."

"கைப்பிடி சார்..."

"அதான் சொன்னேனே."

"வச்சாலும் உங்களுக்கு நஷ்டமில்லையே."

"லாபத்தை எதுக்கும்மா விடணும்?" அவர் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "வாங்குறவன் விலையைக் குறை, குறைன்னு உயிரை எடுக்கறான். குழாய்க்கு மூணு கிலோ குடுத்தா நான் உங்க சம்பளத்துலயா பிடிக்க முடியும்?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. அதற்குள் சூப்பர்வைசரை யாரோ வேறு வாசலுக்குக் கூப்பிட்டார்கள். மொட்டை இரண்டே எட்டில் வந்து மிச்சப் பெட்டிகளைப் பெல்ட்டில் ஏற்றினான். கம்பி எழுந்து நின்றான், நேராக. போகும்போது அவள் தரையில் கிடந்த குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். குப்பை போட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தரையில் பாய் விரித்துப் படுத்து, இரண்டு கால்களையும் நாற்காலிமேல் போட்டிருந்தான். அவள் வெந்நீர்ப் பையை இடுப்புக்கடியில் சொருகினாள்.

"நல்லா யோசிச்சேடி," என்றான் கூரையைப் பார்த்து. "முன்னெல்லாம் பெட்டியே எழுந்து வந்து கையைக் குடுக்கும். இப்ப அது முழங்காலுக்குக் கீழ போய் உக்காந்துக்கிச்சு. நான் இன்னும் கொஞ்சம் குனிஞ்சு கூப்பிடணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்களை சூப்பர்வைசர் அப்படிப் பாத்தாரு. வாயில வந்ததைச் சொன்னேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"திட்டலையே. பாராட்டறேன்."

"பாராட்டுற மூஞ்சியைப் பாரு."

அவன் சிரிக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அவன் சொன்னான்:

"சூப்பர்வைசர் நேத்து கேட்டாரு, எத்தனை வயசாச்சுன்னு. நான் சொன்னேன். அதான், வயசு ஏறுதுல்லன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. மொட்டை சொல்றான், இந்த வாரம் தப்பிச்சா தப்பிச்ச மாதிரின்னு. மத்த லோடை அவங்க எடுத்துப்பாங்க. லாம்ப் ஷேடு வண்டியை நான் இறக்கணும். அதையும் இறக்கலைன்னா நான் அங்க எதுக்கு?"

அவள் அலமாரியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, பழைய துணி அடைத்து உட்கார்ந்திருந்தது. அதன் இரண்டு பக்கத்திலும் கை நுழைக்க நீள்வட்டமாக ஓட்டை. இத்தனை வருஷமாக அதைப் பிடித்துத்தான் இறக்குகிறாள், ஏற்றுகிறாள்.

"ஓட்டை," என்றாள்.

"எங்க?"

"பெட்டியில. பக்கவாட்டுல. வெளிய எதுவும் நீட்டாது."

அவனும் பார்த்தான். "உங்க முதலாளி விடுவாரா? துணி அழுக்காகும்பாரு. பூச்சி போகும்பாரு."

"கேட்டா விடமாட்டாரு."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். முதுகு இருக்கிற நிலையில் திரும்புவதற்கே கொஞ்ச நேரமானது.

"உன் வேலையும் போயிடப் போகுதுடி."

"போகாது. வெந்நி ஆறிடுச்சா பாருங்க."

திங்கட்கிழமை காலை மற்ற இருவரும் மூலையைக் கீறி மடித்து மூடியில் மிஞ்சிய ஓரத்தை நறுக்க, அவள் பெட்டிகளின் குறுகிய பக்கங்களை எடுத்துக்கொண்டாள். முழுதாக வெட்டி எடுக்கவில்லை. கீழும் இரண்டு ஓரமும் மட்டும் கீறி, மேல் பக்கத்தை விட்டுவிட்டாள். தள்ளினால் கதவுபோல் உள்ளே திறக்கும், மடிந்த அட்டை விரலுக்கு மெத்தையாகும். கையை எடுத்தால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். கூடுகள் மேலே குறுகுவதால் அந்த உயரத்தில் உள்ளே காலியிடம்தான், விரல் துணியில் படாது. போதாததற்குக் கூடுகள் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன. தள்ளிப் பார்க்காதவர்களுக்கு அங்கே ஒரு கீறல் இருப்பதே தெரியாது.

கணக்கர் டேப்போடு வந்தார். பெட்டியை அளந்தார். முப்பத்தைந்து. பக்கத்தில் கை வைத்துப் பெட்டியைத் திருப்பப் போனவரின் விரல்கள் உள்ளே போய்விட்டன. எடுத்தார். மறுபடி விட்டுப் பார்த்தார். அவள் பட்டி சுற்றுவதை நிறுத்திவிட்டு நின்றாள். மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இது என்ன?"

"கை வைக்க சார்."

"முதலாளிக்குத் தெரியுமா?"

அவள் பட்டியின் நுனியை எடுத்து மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

கணக்கர் டேப்பைச் சுருட்டினார். அன்று கிடங்கில், பெட்டிமேல் உட்கார்ந்தவனையும் இவர் பார்த்தார். அவன் உட்கார்ந்ததும் இவள் கத்தியதையும் கேட்டார். கணக்குப் போடுகிறவர். எதை எதோடு கூட்டினாரோ.

"மெஷின்ல வருமா இது?"

"வராது சார்."

"பில்லுல?"

"வராது."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்றே?" என்றார், அவள் சொல்லாமலே. கதவு வரை போய்த் திரும்பினார். "துணியில ஒரு விரல் அழுக்கு பட்டு ஒரு பெட்டி திரும்பி வந்தாலும், நான் உன் பக்கம் நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி சார்."

சாயங்காலம் வேன் போய் வெகுநேரம் கழித்துப் போன் வந்தது. டீ இடைவேளை. பின்னால் பெல்ட் ஓடும் இரைச்சல்.

"அண்ணி பெட்டிக்குக் கதவு வச்சிருக்காங்கன்னு மொட்டை எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கான்," என்றான் அவன்.

"அவன் வாயில ஒரு டேப் ஒட்டுங்க. விரல் போச்சா?"

"போச்சு."

"முதுகு?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பாதி குனிஞ்சாப் போதும்," என்றான். "முழுசா வேண்டாம். முப்பதையும் இறக்கிட்டேன். சூப்பர்வைசர் நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் சொல்லல."

"ரெண்டு விரல் இன்னும் மேல வெட்டினா?"

"கிழிஞ்சுடும். விளிம்பு கிட்ட வந்துடும்ல."

"உள்ள ஒரு துண்டு அட்டை ஒட்டறேன்."

"அதுக்கு நேரம் எங்க இருக்கு உனக்கு?"

"அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். டீ குடிச்சீங்களா?"

"குடிக்கறேன். வைக்கறேன், கூப்பிடறாங்க."

அவள் போனை மேசைமேல் வைத்தாள். மற்ற இருவரும் கிளம்பிப் போயிருந்தார்கள். அறுத்துப்போட்ட ஐந்து சென்டிமீட்டர் ஓரத் துண்டுகள் மூலையில் குவிந்துகிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, நாளைக்கு வைத்திருந்த முதல் பெட்டியின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. பசை டப்பாவின் மூடி இறுகிப்போயிருந்தது. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகினாள்.